கூட்டு வட்டியும் 72 விதியும்

கூட்டு வட்டி என்பது அசலுக்கு மட்டுமன்றி, அதுவரை சேர்ந்த வட்டிக்கும் சேர்த்துக் கணக்கிடப்படும் வட்டி ஆகும். பேச்சு வழக்கில் இது 'வட்டிக்கு வட்டி' எனப்படுகிறது. கூட்டு வட்டியில் வளரும் ஒரு தொகை எத்தனை ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்பதைத் தாளும் பேனாவும் இன்றி மதிப்பிட உதவும் எளிய வழியே 72 விதி. 72-ஐ ஆண்டு வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைத்துவிடும். வட்டி 8 சதவீதம் என்றால் 9 ஆண்டுகள். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டுகள்.

இந்த விதியின் பெரிய பயன் அதைத் திருப்பிப் போடும்போது கிடைக்கிறது. "உங்கள் பணம் இத்தனை ஆண்டில் இரட்டிப்பு" என்று ஒருவர் சொன்னால், 72-ஐ அந்த ஆண்டுகளால் வகுத்து, அவர் தருவதாகச் சொல்லும் உண்மையான வட்டி வீதத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த வீதம் சட்டத்துக்கு உட்பட்டதா, நடைமுறையில் தரக்கூடியதா என்பது அடுத்த கேள்வி. அஞ்சலகச் சேமிப்பும் 'பண்டு' எனப்படும் நிதி நிறுவனங்களும் நெடுங்காலமாக வேரூன்றிய மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற சென்னைப் பகுதிகளில் இந்தக் கணக்குக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டுகள் பல உள்ளன.

## தொகை வளரும் விதம்

தனி வட்டியில் ஒவ்வோர் ஆண்டும் வட்டி ஒரே அளவாக இருக்கும். ஒரு லட்சம் ரூபாய்க்கு 7.5 சதவீதத் தனி வட்டி என்றால் ஆண்டுதோறும் 7,500 ரூபாய் கிடைக்கும். அசலுக்குச் சமமான வட்டி சேர, அதாவது பணம் இரட்டிப்பாக, 13 ஆண்டு 4 மாதம் ஆகும்.

கூட்டு வட்டியில் முதல் ஆண்டு மட்டுமே கணக்கு ஒன்றுபோல் இருக்கும். முதல் ஆண்டு முடிவில் தொகை 1,07,500 ரூபாய். இரண்டாம் ஆண்டில் 1,07,500-க்கு வட்டி கணக்கிடப்படுவதால் 8,062 ரூபாய் 50 காசு வட்டி சேரும். ஐந்தாம் ஆண்டு முடிவில் தொகை சுமார் 1,43,560 ரூபாய். ஒன்பதாம் ஆண்டு முடிவில் சுமார் 1,91,720 ரூபாய். பத்தாம் ஆண்டின் வட்டி மட்டும் 14,380 ரூபாய் அளவுக்கு வந்துவிடும். வட்டி வீதம் சிறிதும் மாறவில்லை. வட்டி கணக்கிடப்படும் தொகைதான் வளர்ந்திருக்கிறது.

இதன் சூத்திரம்:

A = P(1 + r)^n

இதில் P என்பது அசல், r என்பது ஓர் ஆண்டு வட்டி வீதம் (7.5 சதவீதம் என்றால் 0.075), n என்பது ஆண்டுகள், A என்பது முடிவில் கிடைக்கும் தொகை. 7.5 சதவீதத்தில் இரட்டிப்புக்கு எத்தனை ஆண்டு என்று இந்தச் சூத்திரத்திலிருந்து துல்லியமாகக் கண்டால் 9.58 ஆண்டுகள் என்று வரும். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6. வேறுபாடு ஒரு வாரம் அளவே.

## ஏன் 72?

சூத்திரத்தில் A என்பது P-யின் இரு மடங்கு என்று வைத்து n-ஐக் கண்டால், விடை இரண்டு மடக்கைகளின் வகுத்தலாக வரும்:

n = ln 2 / ln(1 + r)

இரண்டின் இயல் மடக்கை 0.693. வட்டி வீதம் மிகச் சிறியதாக இருந்தால் ln(1 + r) என்பது r-க்கு ஏறக்குறையச் சமம். அப்போது 69.3-ஐ வட்டி வீதத்தால் வகுத்தாலே போதும். ஆனால் r பெரிதாகும்போது ln(1 + r) அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்தக் குறைவை ஈடுகட்ட, மேலே உள்ள எண்ணைச் சற்று உயர்த்த வேண்டும். 8 சதவீதத்துக்கு அருகில் சரியான எண் கிட்டத்தட்ட 72 ஆகவே அமைகிறது. 8 சதவீதத்தில் துல்லியமான விடை 9.006 ஆண்டுகள், விதி தரும் விடை 9.

72-க்கு இன்னொரு வசதியும் உண்டு. 2, 3, 4, 6, 8, 9, 12 ஆகிய எண்களால் அது மீதியின்றி வகுபடும். மனக்கணக்குக்கு 69.3-ஐவிட 72 எளிது. இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாசியோலி 1494-இல் வெளியிட்ட கணித நூலில் இந்த விதி இடம்பெற்றுள்ளது. அங்கு அது விளக்கமின்றி விதியாக மட்டுமே தரப்பட்டுள்ளது.

வட்டி வீதம் உயர உயர விதி பிசகத் தொடங்கும். 24 சதவீதத்தில் விதி 3 ஆண்டு என்று சொல்லும், உண்மையில் 3.22 ஆண்டு ஆகும். இதைச் சரிசெய்ய, 8 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு 3 புள்ளிக்கும் 72-உடன் ஒன்றைக் கூட்டிக்கொள்வது வழக்கம். 24 என்பது 8-ஐவிட 16 அதிகம். எனவே 5-ஐக் கூட்டி 77-ஐ 24-ஆல் வகுத்தால் 3.2 என்று விடை சரியாகிவிடும்.

## கிசான் விகாஸ் பத்திரம்: இரட்டிப்பைச் சொல்லி விற்கப்படும் சேமிப்பு

பெரும்பாலான சேமிப்புத் திட்டங்கள் வட்டி வீதத்தைச் சொல்லி விற்கப்படுகின்றன. அஞ்சலகங்களில் கிடைக்கும் கிசான் விகாஸ் பத்திரம் இதற்கு மாறானது. 1988 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது முதல் அதன் அடையாளமே 'இத்தனை மாதத்தில் இரட்டிப்பு' என்பதுதான். வாங்கும் நாளில் உள்ள காலவரை அந்தப் பத்திரத்துக்கு முடிவுவரை மாறாது. பிறகு அரசு வட்டியை மாற்றினால் புதிதாக வாங்குவோருக்கே அது பொருந்தும்.

தொடக்கத்தில் ஐந்தரை ஆண்டில் பணம் இரட்டிப்பானது. வட்டி வீதங்கள் இறங்க இறங்க அந்தக் காலம் நீண்டது. 2011 நவம்பர் இறுதியுடன் நிறுத்தப்பட்ட திட்டம், 2014 நவம்பரில் 100 மாத இரட்டிப்புடன் மீண்டும் வந்தது. கீழ்வரும் பட்டியலில் அரசு அறிவித்த காலவரையும், அதிலிருந்து 72 விதி காட்டும் வீதமும், சூத்திரம் தரும் துல்லியமான வீதமும் உள்ளன.

| தொடங்கிய ஆண்டு | இரட்டிப்புக் காலம் | 72 விதிப்படி வட்டி | துல்லியமான வட்டி |
|---|---|---|---|
| 1988 | 66 மாதம் | 13.1% | 13.4% |
| 2003 | 103 மாதம் | 8.4% | 8.4% |
| 2014 | 100 மாதம் | 8.6% | 8.7% |
| 2020 | 124 மாதம் | 7.0% | 6.9% |
| 2023 | 115 மாதம் | 7.5% | 7.5% |

மாதங்களை 12-ஆல் வகுத்து ஆண்டாக்கி, அதனால் 72-ஐ வகுத்தால் மூன்றாவது நிரல் கிடைக்கும். 2023-க்கான கணக்கு: 115 மாதம் என்பது 9.58 ஆண்டு; 72-ஐ 9.58-ஆல் வகுத்தால் 7.5.

பலர் இடறும் இடமும் இங்கேதான் உள்ளது. 1988-இல் ஒருவர் 10,000 ரூபாய் போட்டு ஐந்தரை ஆண்டில் 20,000 ரூபாய் பெற்றார் என்றால், லாபம் 100 சதவீதம். அதை 5.5-ஆல் வகுத்து, 'ஆண்டுக்கு 18 சதவீதம்' என்று சொல்லிவிடலாம். கூட்டல் கணக்காக அது தவறில்லை; ஆனால் அது வட்டி வீதம் அல்ல, சராசரி ஈட்டம் மட்டுமே. உண்மையான கூட்டு வட்டி வீதம் 13.4 தான். முதலீட்டுத் துண்டறிக்கைகளில் 'ஆண்டு ஈட்டம்' என்ற பெயரில் இந்தப் பெரிய எண் அச்சிடப்பட்டு, பக்கத்தில் உள்ள வங்கியின் வட்டி வீதத்துடன் ஒப்பிடப்படும்போது, இரு வேறு அளவுகோல்கள் ஒன்றுபோல் தோன்றிவிடுகின்றன. வைப்புக் காலம் நீள நீள இந்த ஏமாற்றுத் தோற்றமும் பெரிதாகும். இரட்டிப்புக் காலத்தைக் கேட்டு 72-ஐ அதனால் வகுத்தால் இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

## வைப்புகளுக்கு ஓர் எல்லைக்கோடு

சென்னையில் 'பண்டு' என்று அழைக்கப்படும் நிதி நிறுவனங்கள் உறுப்பினர்களிடமிருந்து மட்டும் வைப்புப் பெற்று, உறுப்பினர்களுக்கு மட்டும் நகை, வீடு போன்றவற்றின் பேரில் கடன் தருபவை. சட்டப்படி இவை வங்கிகள் அல்ல. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு இவ்வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

2014-இல் வந்த நிதி நிறுவன விதிகளின்படி, இவை நிலை வைப்புகளுக்குத் தரும் வட்டி, வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்துள்ள உச்சவரம்பைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பு ஆண்டுக்கு 12.5 சதவீதம். 72-ஐ 12.5-ஆல் வகுத்தால் 5.76. அதாவது ஐந்து ஆண்டு ஒன்பது மாதம். வட்டியை மாதந்தோறும் அசலில் சேர்த்தாலும் ஐந்து ஆண்டு ஏழு மாதத்துக்குக் கீழே போகாது. ஆகவே, ஐந்தரை ஆண்டுக்குள் வைப்புத் தொகை இரட்டிப்பாகும் என்று ஒரு நிதி நிறுவனம் உறுதி சொன்னால், அது சட்ட வரம்பைத் தாண்டிய வாக்குறுதி என்பதை மேலும் எந்த விவரமும் இல்லாமலே அறியலாம். ஐந்தே ஆண்டில் இரட்டிப்பு என்பது 14.4 சதவீதம், மூன்று ஆண்டில் இரட்டிப்பு என்பது 24 சதவீதம் என்று விதி காட்டும், துல்லியமாக 26.

இந்தச் சோதனை எவ்வளவு வேகமாகப் பேசும் என்பதற்கு ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கு எடுத்துக்காட்டு. சென்னை அமைந்தகரையில் இயங்கிய இந்நிறுவனம் மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வட்டி தருவதாகக் கூறிச் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகத் தமிழ்நாடு காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022-இல் வழக்குப் பதிந்தது. வட்டி மாதக் கணக்கில் இருப்பதால் விடையும் மாதங்களில் வரும். 72-ஐ 30-ஆல் வகுத்தால் 2.4 மாதம், துல்லியமாகக் கணக்கிட்டால் 2.6 மாதம். கிடைக்கும் வட்டியை அதிலேயே மீண்டும் போட்டுவந்தால் ஒரு லட்சம் ரூபாய் ஓர் ஆண்டில் 23 லட்சத்தைத் தாண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் ஐந்து கோடியைத் தாண்டும். வட்டியை மாதாமாதம் எடுத்துச் செலவழித்தாலும், நிறுவனம் ஒவ்வொரு லட்சத்துக்கும் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் சம்பாதித்தாக வேண்டும். அவ்வளவு லாபம் நிலையாகத் தரும் தொழில் எதுவும் இல்லாதபோது, பழையவருக்கான வட்டி புதியவரின் அசலிலிருந்துதான் வர முடியும். புதியவர்களின் வரவு குறையும் மாதத்தில் அது நின்றுவிடும்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டில் முதிர்வுத் தொகையும் வட்டியும் திருப்பித் தரப்படவில்லை என்ற வைப்பாளர்களின் புகாரில் 2024-இல் அதே பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்து கைது நடவடிக்கை எடுத்தது. அங்கே தருவதாகச் சொல்லப்பட்டது பத்து சதவீதத்தை ஒட்டிய வட்டி. 72-ஐ 10-ஆல் வகுத்தால் 7.2 ஆண்டு. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 72 விதி வாக்குறுதியின் அளவை மட்டுமே சோதிக்கும். வாங்கிய பணம் எங்கே கடனாகப் போயிற்று, அது திரும்பி வருமா என்பதைச் சொல்லாது. வீதம் வரம்புக்குள் இருக்கும்போது கேட்க வேண்டியது வேறு கேள்வி. வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. நிதி நிறுவன வைப்புக்கு அது இல்லை. வங்கியைவிட இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாகக் கிடைப்பது, இந்தக் காப்பு இல்லாததற்கான விலை. 7.5 சதவீதத்தில் 9.6 ஆண்டில் இரட்டிப்பாகும் பணம் 10 சதவீதத்தில் 7.2 ஆண்டில் இரட்டிப்பாகிறது. அந்த இரண்டு ஆண்டு ஐந்து மாதத்துக்காக முழு அசலையும் பணயம் வைக்கலாமா என்பதே வைப்பாளர் தீர்மானிக்க வேண்டியது.

## கடன் பக்கத்தில் அதே கணக்கு

வைப்பில் மெதுவாக வேலை செய்யும் கூட்டு வட்டி, கடனில் வேகமாக வேலை செய்யும். தமிழ்நாட்டில் தனியார் கடனுக்கான வட்டி பெரும்பாலும் மாதத்தில்தான் பேசப்படுகிறது. 'நூற்றுக்கு இரண்டு வட்டி' என்றால் மாதம் 2 சதவீதம். வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் அசல் அப்படியே நிற்கும். கட்டாத வட்டியை அசலோடு ஏற்றிப் புதிதாகப் பத்திரம் எழுதினால் அது கூட்டு வட்டியாகிவிடும்.

10,000 ரூபாய்க் கடனில் மாதந்தோறும் அப்படி வட்டி ஏற்றப்படுவதாகக் கொள்வோம். 72-ஐ 2-ஆல் வகுத்தால் 36 மாதம். மூன்று ஆண்டில் 20,000. ஆறு ஆண்டில் 40,000. ஒன்பது ஆண்டில் 80,000. துல்லியக் கணக்கில் ஒன்பது ஆண்டு முடிவில் சுமார் 84,900 ரூபாய் வரும். இரட்டிப்பு உண்மையில் 35 மாதத்திலேயே முடிவதும், அந்த ஒரு மாதப் பிசகு மூன்று முறை சேர்வதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். இதே கடன் தனி வட்டியில் இருந்தால் ஒன்பது ஆண்டில் 31,600 ரூபாய்தான். வட்டி வீதம் ஒன்றே. அசலோடு வட்டி ஏற்றப்பட்டதா இல்லையா என்பது மட்டுமே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வேறுபாட்டை உண்டாக்குகிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்ற கொடிய வட்டி முறைகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

## விதி பொருந்தாத இடங்கள்

வட்டியை மாதந்தோறும் எடுத்துக்கொள்ளும் வைப்புகளுக்கு 72 விதி பொருந்தாது. ஓய்வு பெற்றோர் பலர் மாதச் செலவுக்காக இந்த வகையையே தேர்ந்தெடுக்கின்றனர். வட்டி வெளியே போய்விடுவதால் அசல் வளர்வதே இல்லை. பத்து ஆண்டுக்குப் பின்னும் ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே இருக்கும்.

வங்கி நிலை வைப்புகளில் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலில் சேர்க்கப்படுகிறது. அதனால் 8 சதவீத வைப்பு 9 ஆண்டுக்கு முன்பே, 8 ஆண்டு 9 மாதத்தில், இரட்டிப்பாகும். இத்தகைய வைப்புகளுக்கு 72-க்குப் பதில் 70-ஐ வகுத்தால் விடை இன்னும் நெருங்கி வரும்.

வரியும் கணக்கை மாற்றும். கிசான் விகாஸ் பத்திர வட்டி வருமான வரிக்கு உட்பட்டது. 30 சதவீத வரிப் பிரிவில் இருப்பவருக்கு 7.5 சதவீத வட்டியில் வரி போக நிற்பது 5.25 சதவீதம். பத்திரம் 115 மாதத்தில் முதிர்ந்தாலும், வரியையும் கழித்துப் பார்த்தால் அவருடைய பணம் இரட்டிப்பாக ஏறத்தாழ 13.7 ஆண்டு ஆகும்.

விலைவாசிக்கும் இதே விதிதான். ஆனால் அங்கே அது பணத்தின் மதிப்பு பாதியாகும் காலத்தைச் சொல்லும். விலைகள் ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் 12 ஆண்டில் இரட்டிப்பாகும். இன்று 100 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்கு அப்போது 200 ரூபாய் வேண்டும். 7.5 சதவீத வட்டியில் 9.6 ஆண்டில் இரண்டு லட்சமாகும் ஒரு லட்சம், அதே காலத்தில் விலைகள் 6 சதவீதம் ஏறிவந்தால், இன்றைய விலையில் சுமார் 1,14,000 ரூபாய்க்கான பொருளை மட்டுமே வாங்கித் தரும். வட்டி வீதத்துக்கும் விலையேற்ற வீதத்துக்கும் இடையே உள்ள ஒன்றரைப் புள்ளிதான் உண்மையான வளர்ச்சி. 72-ஐ 1.5-ஆல் வகுத்தால், வாங்கும் திறன் இரட்டிப்பாக ஏறத்தாழ 48 ஆண்டு ஆகும்.